சோலார் கொட்டேஷனைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "கட்டம் கட்டமாக இருக்கிறது, இதை வைத்து வீட்டில் என்ன செய்வது?" என்று கேட்பது வழக்கம். நானும் அப்படிக் கேட்டவன்தான். மாடியில் சோலார் மின்சாரம் அமைக்க முடிவு செய்தபோதுதான் அந்தக் கட்டங்களின் அருமை எனக்குப் புரிந்தது. எட்டு செல்கள் கொண்ட ஒரு சிறிய கணக்கு எனக்கு முப்பத்தேழாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியது. இன்னொரு கணக்கு, வீட்டில் தீப்பிடித்திருக்கக்கூடிய ஒரு கோளாறைக் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

என் வீடு பாம்பனில், கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வெயிலுக்கு எங்கள் மாவட்டத்தில் குறைவே இல்லை. 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் திறக்கப்பட்ட கமுதி எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் உள்ளது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கி வீடுகளுக்கு மானியம் அறிவித்தது. அதன் பிறகு சோலார் கம்பெனிக்காரர்கள் தெருத்தெருவாக வர ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்டில் என் கையில் மூன்று கொட்டேஷன்கள் இருந்தன.

விற்பனையாளர் போட்ட கணக்கு

முதலில் வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். "அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு மூணு கிலோவாட் போடுங்க. ஒரு கிலோவாட்டுக்குத் தினம் அஞ்சு யூனிட் வரும். உங்க பில்லுல யூனிட்டுக்கு எட்டு ரூபா நாப்பது காசு போகுது. ரெண்டரை வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துரும்" என்றார்.

அவர் காகிதத்தில் எழுதிக் காட்டியது இதுதான். 3 கிலோவாட்டுக்குத் தினம் 15 யூனிட். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். அதை 8.40 ரூபாயால் பெருக்கினால் 7,560 ரூபாய். ஆண்டுக்கு ஆறு பில், ஆகவே 45,360 ரூபாய் சேமிப்பு. விலை 1,95,000 ரூபாய். மானியம் 78,000 போக 1,17,000.

பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அன்று இரவு என் பழைய மின் கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 620 யூனிட், கட்டணம் 3,069 ரூபாய். மற்ற ரசீதுகளும் இதை ஒட்டியே இருந்தன. ஆண்டு முழுவதும் நான் கட்டுவதே 18,414 ரூபாய்தான். அதில் எப்படி 45,360 ரூபாய் மிச்சமாகும்? அவருடைய கணக்கில் இரண்டு இடங்களில் ஓட்டை இருந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்போம்.

முதல் ஓட்டை: எத்தனை யூனிட் வரும்?

இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மையம் PVGIS என்ற இலவச இணையதளத்தை நடத்துகிறது. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து, ஓர் இடத்தில் சோலார் பேனல் எவ்வளவு மின்சாரம் தரும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். இந்தியாவுக்கும் அது வேலை செய்கிறது.

பிரவுசரில் PVGIS என்று தேடி அந்தத் தளத்தின் கணக்கிடும் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். இடது பக்கம் வரைபடம் இருக்கும். அதில் உங்கள் ஊரைப் பெரிதாக்கி உங்கள் வீட்டின் மேல் கிளிக் செய்யுங்கள். வலது பக்கத்தில் Grid connected என்ற பகுதியில் இவற்றை டைப் செய்யுங்கள்.

```
Installed peak PV power [kWp] : 1
System loss [%]               : 14
Slope [°]                     : 10
Azimuth [°]                   : 0
```

Slope என்பது பேனலின் சாய்வு. நம் தென்கோடிக்குப் பத்து டிகிரி போதும். Azimuth என்ற இடத்தில் 0 கொடுத்தால் இந்தத் தளத்தில் தெற்கு நோக்கி என்று பொருள். Visualize results என்ற பட்டனை அழுத்துங்கள். Yearly PV energy production என்ற வரியில் வரும் எண்தான் நமக்கு வேண்டியது.

பாம்பனுக்கு எனக்கு 1,500-ஐ ஒட்டிய எண் வந்தது. அதை 365 நாளால் வகுத்தால் நாளுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல். ஐந்து யூனிட் நல்ல வெயில் நாளில் வரலாம். வடகிழக்குப் பருவமழை நாட்களையும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் ஐந்து என்று சொல்வது மிகை. கணக்குக்கு நான்கு என்றே வைத்துக்கொண்டேன். அதாவது ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 240 யூனிட்.

இரண்டாவது ஓட்டை: எந்த யூனிட் குறைகிறது?

இது பெரிய ஓட்டை. நம் வீட்டு மின் கட்டணம் படிக்கட்டு போன்றது. எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலை மாற்றத்துக்குப் பின் என் பில்லில் இருந்த விலைகள் இவை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்த உபயோகம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. உபயோகம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45.

நெட் மீட்டர் பொருத்திய வீட்டில், நாம் வாங்கிய யூனிட்டிலிருந்து நாம் கொடுத்த யூனிட் கழிக்கப்பட்டு, மீதிக்குத்தான் பில் வரும். ஆகவே சோலார் முதலில் படிக்கட்டின் உச்சிப்படியை உடைக்கிறது. 9.45 ரூபாய் யூனிட் முதலில் குறையும், பிறகு 8.40. பிறகு 6.30, பிறகு 4.70, பிறகு 2.35. கடைசி 100 யூனிட் எப்படியும் இலவசம். அதைச் சோலாரால் குறைத்தால் மிச்சம் பூஜ்யம். விற்பனையாளரோ எல்லா யூனிட்டையும் 8.40 ரூபாயால் பெருக்கிவிட்டார். போதாததற்கு, நான் செலவழிக்கும் 620 யூனிட்டைத் தாண்டி 900 யூனிட்டுக்கும் விலை போட்டுவிட்டார்.

ஒர்க்ஷீட் தயாரிப்போம்

எக்ஸெல் திறந்துகொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம், ஃபார்முலாக்கள் ஒன்றேதான். முதல் வரிசையில் தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். A காலத்தில் கிலோவாட், B-யில் வாங்கும் யூனிட், C-யில் 500-க்குள் பில், D-யில் 500-க்கு மேல் பில், E-யில் சரியான பில், F-ல் ஆண்டுச் சேமிப்பு, G-யில் மானியம் போக விலை, H-ல் எத்தனை ஆண்டு. இப்போது A2 முதல் A5 வரை 0, 1, 2, 3 என்று டைப் செய்யுங்கள். 0 என்பது சோலார் இல்லாத இன்றைய நிலை.

இனி B2 முதல் F2 வரை ஒவ்வொரு செல்லிலும் வரிசையாக இந்த ஃபார்முலாக்களைக் கொடுங்கள். 620 உள்ள இடத்தில் உங்கள் யூனிட்டையும், விலைகள் உள்ள இடத்தில் உங்கள் ஊரில் இப்போது நடைமுறையில் உள்ள விலைகளையும் போட வேண்டும்.

```
B2: =MAX(620-A2*240,0)
C2: =MIN(MAX(B2-100,0),100)*2.35+MIN(MAX(B2-200,0),200)*4.7+MAX(B2-400,0)*6.3
D2: =2040+MIN(MAX(B2-500,0),100)*8.4+MAX(B2-600,0)*9.45
E2: =IF(B2<=500,C2,D2)
F2: =($E$2-E2)*6
```

D2-வில் உள்ள 2040 என்பது, 500-ஐத் தாண்டியவர்கள் முதல் 500 யூனிட்டுக்குக் கட்டும் தொகை. 300 யூனிட்டுக்கு 4.70 வீதம் 1,410, அடுத்த 100 யூனிட்டுக்கு 6.30 வீதம் 630. இந்த ஃபார்முலா 800 யூனிட் வரை சரியாக வரும். அதற்கு மேல் விலை இன்னும் ஏறும். F2-வில் E2-வைச் சுற்றி டாலர் குறி போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஃபார்முலாவைக் கீழே இழுத்தாலும் அந்த செல் மாறாமல் இருக்க அந்தக் குறி உதவுகிறது.

இப்போது B2 முதல் F2 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து ஐந்தாம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். G3, G4, G5 செல்களில் கொட்டேஷனில் உள்ள விலையிலிருந்து மானியத்தைக் கழித்து எழுதுங்கள். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக உச்ச அளவு 78,000. H3-ல் இதைக் கொடுத்துக் கீழே இழுங்கள்.

```
H3: =G3/F3
```

என் திரையில் வந்த விடை இது.

| கிலோவாட் | வாங்கும் யூனிட் | பில் ரூ. | ஆண்டுச் சேமிப்பு ரூ. | மானியம் போக விலை ரூ. | ஆண்டு |
|---|---|---|---|---|---|
| 0 | 620 | 3,069 | – | – | – |
| 1 | 380 | 1,081 | 11,928 | 45,000 | 3.8 |
| 2 | 140 | 94 | 17,850 | 80,000 | 4.5 |
| 3 | 0 | 0 | 18,414 | 1,17,000 | 6.4 |

இரண்டாவது, மூன்றாவது கிலோவாட் வரிசைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது கிலோவாட்டுக்காக நான் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 37,000 ரூபாய். அதனால் ஆண்டுக்குக் கூடுதலாக மிச்சமாவது 564 ரூபாய்! கூடுதலாகத் தயாராகும் யூனிட் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அடுத்த பில்லிலும் கழிக்க ஒன்றும் இல்லையென்றால் அந்த வரவால் பெரிய பயன் இல்லை.

அடுத்த ஆண்டு ஏ.சி. வாங்கப் போகிறீர்களா? B காலத்தில் 620-ஐ 800 ஆக்கிப் பாருங்கள். அப்போது மூன்றாவது கிலோவாட் ஆண்டுக்கு 4,794 ரூபாய் கூடுதலாக மிச்சப்படுத்துகிறது. அதன் விலை எட்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே 3 கிலோவாட் கெடுதல் என்பதல்ல. என் வீட்டுக்கு அது பெரிது. எனக்கு ஏ.சி. வாங்கும் எண்ணம் இல்லாததால் 2 கிலோவாட் போதும் என்று முடிவு செய்தேன்.

கொட்டேஷனில் எழுதாமல் விட்டவை

மூன்று கொட்டேஷன்களையும் பக்கத்துப் பக்கத்துக் காலத்தில் வரிக்கு வரி டைப் செய்தேன். அப்படிச் செய்தால் காலியாக இருக்கும் செல்கள் தாமாகவே கண்ணில் படும். மிகக் குறைந்த விலை சொன்னவர் நெட் மீட்டருக்கான செலவைச் சேர்க்கவில்லை. இன்னொருவர் தாங்கும் சட்டத்துக்கு எதிரில் "ஸ்டாண்டர்ட்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

கடலோரத்தில் அந்த ஒரு வார்த்தை போதாது. உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருவேறும். இரும்புச் சட்டத்தை வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா என்று கேளுங்கள். முன்பே பூச்சு ஏறிய குழாயை வாங்கி வந்து மாடியில் வெட்டிப் பற்ற வைத்தால், வெட்டிய இடத்திலேயே துரு ஆரம்பிக்கும். போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுத்தில் வாங்குங்கள். கடலுக்குப் பக்கத்தில் 316 ரகம் 304-ஐ விட உப்பை நன்றாகத் தாங்கும். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 என்ற உப்புத் துளிச் சோதனைச் சான்று உண்டா என்று கேளுங்கள். மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் தயாரித்த செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

மானியம் பற்றி இன்னொன்று. வேலை முடிந்து, நெட் மீட்டர் பொருத்தி, சரிபார்ப்பு ஆன பிறகுதான் அது நம் வங்கிக் கணக்கில் வரும். ஆகவே முழு விலையையும் முதலில் புரட்ட வேண்டும். மூவரில் ஒருவர்கூட இதைத் தாமாகச் சொல்லவில்லை. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத இந்த அமைப்பும் நின்றுவிடும் என்பதையும் சொல்லவில்லை. லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருப்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுகிறது. கோளாறு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பொருத்திய பிறகு

ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனத்திடம் 2 கிலோவாட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். பேர் வேண்டாம். 2024 செப்டம்பரில் மின்சாரம் வர ஆரம்பித்தது. சட்டமும் பேனலும் நேர்த்தியாகவே அமைத்துக் கொடுத்தார்கள்.

தினமும் இரவு இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் காட்டும் யூனிட்டை ஒர்க்ஷீட்டில் பதிந்துவந்தேன். A-யில் தேதி, B-யில் யூனிட். ஒரு நாள் மேகம் வந்தால் யூனிட் குறையும். அதை வைத்துப் பயப்படக் கூடாது. ஆகவே ஏழு நாள் சராசரியைப் பார்த்தேன். C8-ல் இதைக் கொடுத்துக் கீழே இழுத்தால் போதும்.

```
C8: =IF(AVERAGE(B2:B8)<6.5,"பார்","சரி")
```

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் "பார்" அடிக்கடி வந்தது. அது இயல்பு. ஆனால் 2025 பிப்ரவரியில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தும் சராசரி 6.2-ல் நின்றது. 8-க்கு மேல் வந்திருக்க வேண்டிய மாதம் அது.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "மேகமா இருக்கும் சார்" என்றார்கள். வருவதாகச் சொல்லி இரண்டு வாரம் வரவில்லை. அதற்குள் அதிகாலையில், பேனல் சூடேறும் முன், நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். துணியில் உப்பும் மண்ணும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. சராசரி 7-க்கு ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை.

அப்போதுதான் ஆப்பில் அன்றைய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலையில் மலை போல ஏறி, பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை பல் விழுந்தது போல இடைவெளிகள். மேகம் என்றால் கோடு மேலும் கீழும் ஆடும். இங்கே திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடம் கழித்து மீண்டும் எழுந்தது. அலாரம் பட்டியலில் அதே நேரங்களுக்கு Grid overvoltage என்று இருந்தது. எங்கள் இன்வெர்ட்டர் 253 வோல்ட்டைத் தாண்டினால் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது.

வரைபடத்தையும் அலாரம் பட்டியலையும் ஒர்க்ஷீட்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்பது மானியத் திட்டத்தின் நிபந்தனை. எங்கள் ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டுக் காட்டினேன். மறுநாளே டெக்னீஷியன் வந்தார்.

இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்குப் போகும் வழியில் உள்ள சிறிய பெட்டியை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்தார். வயர் நுழையும் துளை சரியாக அடைக்கப்படவில்லை. மழையும் உப்புக் காற்றும் புகுந்து ஒரு டெர்மினல் பச்சை பூத்திருந்தது. அதை ஒட்டிய வயர் உறை கருகி உருகியிருந்தது. நல்ல இணைப்பு இல்லாத இடத்தில் மின்சாரத்தைத் தள்ள இன்வெர்ட்டர் தன் வோல்ட்டேஜை ஏற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் லைனில் மதியம் ஏற்கெனவே 248 வோல்ட் வரை இருந்ததால், அந்தச் சிறு ஏற்றமே எல்லையைத் தாண்டப் போதுமானதாகிவிட்டது. மின்சாரம் அதிகம் பாயும் உச்சி வெயிலில் மட்டும் நின்றதற்குக் காரணம் அதுதான்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பெட்டியே எரிஞ்சிருக்கும் சார்" என்றார் அவர். டெர்மினலையும் வயர் முனையையும் மாற்றி, துளையை ரப்பர் கிளாண்ட் போட்டு அடைத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த வாரச் சராசரி 8.3. இந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். வரைபடத்தைப் பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது.

ஓராண்டுக் கணக்கு

2025 செப்டம்பரில் கூட்டிப் பார்த்தேன். ஒரு கிலோவாட்டுக்குத் தினம் ஐந்து யூனிட் என்ற வாக்குப்படி 3,650 யூனிட் வந்திருக்க வேண்டும். PVGIS சொன்னபடி ஏறத்தாழ 3,000. உண்மையில் வந்தது 2,870. சேமிப்பு 17,000 ரூபாயைத் தாண்டியது. போட்ட 80,000 ஐந்து ஆண்டுக்குள் திரும்பும். இரண்டரை ஆண்டில் அல்ல.

அந்த நிறுவனத்துக்கு என் மதிப்பீடு இது. பேனலும் சட்டமும் நன்று. வயரிங்கில் கவனக் குறைவு. சர்வீஸ் உண்டு, ஆனால் வெறும் போனுக்கு வராது. காகிதத்தில் ஆதாரத்தோடு போனால் வரும். அந்த ஆதாரத்தை நிறுவனம் நமக்குத் தயாரித்துத் தராது. பொருத்திய முதல் நாளிலிருந்தே B காலத்தில் யூனிட்டைப் பதிய ஆரம்பியுங்கள். வரைபடத்தில் பல் விழுந்தால் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.